‘எங்கள் வரிப்பணம்’ என்பது யாருடைய பணம்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவு, டிசம்பர் 2025)



நினைவுச் சொற்பொழிவு என்று அழைத்துவிட்டு வரியைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நான் முதுகலை படித்த காலத்தில், உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒரு மாணவர் பக்கத்திலிருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “எல்லாம் எங்க அப்பா கட்டுற வரிப்பணம்.” அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் அதே வாக்கியத்தை வேறு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். ரேஷன் அரிசிக்கும் நூறுநாள் வேலைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் எதிராக எழுகிற குரலுக்கு அடியில் இந்த ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது: வரி கட்டுகிறவர்கள் ஒரு சாரார், வாங்கித் தின்கிறவர்கள் இன்னொரு சாரார். இதைக் கோபத்தால் உடைக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொடுத்தவர்களில் அண்ணலே ஒருவர். நாம் அவரைச் சட்ட மேதையாக நினைக்கிறோம். அவர் முதலில் பொருளாதார மாணவர், அதிலும் பொது நிதியியல் மாணவர். 1915-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1925-இல் அச்சான ஆய்வு நூல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் நிதி பற்றியது. அதற்கு முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் செலிக்மன். வரியை அரசுக்குச் செலுத்துபவர் ஒருவராகவும், அதன் சுமையைக் கடைசியில் தாங்குபவர் வேறொருவராகவும் இருப்பது எப்படி என்பதைப் பற்றித் தனி நூல் எழுதியவர் அவர். வளர்வீத வரியைப் பற்றியும் தனி நூல் எழுதியிருக்கிறார்.

1927 பிப்ரவரியில் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் விவாதத்தில் அண்ணல் பேசினார். அவர் கேட்டது இதுதான். வருமான வரியில், ஓர் எல்லைக்குக் கீழே சம்பாதிப்பவர் கட்ட வேண்டியதில்லை. வருமானம் வராத ஆண்டில் வரியும் இல்லை. நிலவரியிலோ ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏழை உழவரும் பெரிய ஜாகிர்தாரும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். விளைந்தாலும் கட்ட வேண்டும், பொய்த்தாலும் கட்ட வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்டார். வரி என்பது தாங்கும் சக்தியைப் பொறுத்து இருக்க வேண்டும் என்ற அளவுகோலை அவர் அன்றே மேசையில் வைத்தார். இன்று அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்து வரிகளை அளந்து பார்க்கலாம்.

பாடப்புத்தகத்தில் மூன்று சொற்கள் உண்டு. வருமானம் கூடக் கூட, அதில் வரியாகப் போகும் பங்கும் கூடினால் வளர்வீத வரி. எல்லோரிடமும் ஒரே பங்கு போனால் விகித வரி. வருமானம் கூடக் கூட அந்தப் பங்கு குறைந்தால், அதாவது ஏழையிடம் அதிகப் பங்கு பிடுங்கினால், தேய்வீத வரி. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘பங்கு’. எத்தனை ரூபாய் என்பதல்ல. நூற்றுக்கு எவ்வளவு என்பது.

பழைய உப்பு வரியை நினைத்துப் பாருங்கள். அது மணங்குக்கு இவ்வளவு என்று எடைக் கணக்கில் போட்ட வரி. 1923-இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயை இரண்டரை ரூபாயாக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் அடுத்த ஆண்டே பழையபடி குறைத்தார்கள். கூலிக்காரரைவிட நூறு மடங்கு சம்பாதிக்கும் ஜமீன்தார் நூறு மடங்கு உப்புத் தின்ன முடியாது. இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புக்கு ஒரே அளவு வரி கட்டினார்கள். கூலிக்காரரின் வருமானத்தில் அது தெரியும்படியான ஒரு துண்டு. ஜமீன்தாருக்கு அது ஒன்றுமேயில்லை. சட்டத்தில் பாகுபாடு ஒரு சொல்கூட இல்லை. பாகுபாடு இருந்தது வீட்டில். அந்த வரி 1947-இல் நீங்கியது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடப்பில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் அதை மாற்றி, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு வீதங்களுக்குள் கொண்டுவந்தார்கள். சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-இலிருந்து 5-க்கு வந்தன. நல்லது, வரவேற்போம். ஆனால் அதுவரை குளியல் சோப்புக்கு நூற்றுக்கு 18, தங்கத்துக்கு நூற்றுக்கு 3 என்று இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். இன்றும் கூலிக்காரப் பெண்ணின் செல்போன் ரீசார்ஜுக்கு 18, பல லட்சம் கொடுத்து வாங்கும் மின்சாரக் காருக்கு 5.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்கிறேன். இவை கணக்குக்காக நான் அமைத்துக்கொண்டவை, ஆய்வு முடிவுகள் அல்ல. ஆனால் எங்கள் தெருவில் அக்காமார்களோடு உட்கார்ந்து செலவை எழுதிப் பார்த்துத்தான் இந்த அளவுகளை வைத்திருக்கிறேன்.

முதல் குடும்பம் ஒரு விழுப்புரம் பக்கத்துச் சேரியில். நான்கு பேர். கணவனும் மனைவியும் கூலி வேலை. மாதம் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய். ரேஷன் அரிசி இலவசம். காய்கறி, பால், முட்டை, மீன், சில்லறையாக நிறுத்து வாங்கும் பருப்பு ஆகியவற்றுக்கு 4,500 ரூபாய்; இதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. சமையல் எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், மசாலாத்தூள், சோப்பு, துணிமணி, செருப்பு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் இவையெல்லாம் 5 சதவீதப் பட்டியல். சராசரி மாதத்துக்கு 4,000 என்று வைத்தால் அதற்குள் இருக்கும் வரி 190 ரூபாய். இரண்டு செல்போன் ரீசார்ஜ், தவணையில் வாங்கிய மின்விசிறி இவை 18 சதவீதம். 900 ரூபாயில் வரி 137. ஒரு பழைய மொபெட்டுக்கு மாதம் பத்து லிட்டர் பெட்ரோல். ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கும் பெட்ரோலில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் சேர்ந்து லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல் போகிறது. 40 என்றே வைத்தாலும் 400 ரூபாய். மீதி 4,600 ரூபாய் பஸ், பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரி, குழுக்கடன் தவணை என்று போய்விடும். அதில் வரி இல்லை என்றே வைப்போம். ஆக மொத்தம் மாதம் 727 ரூபாய். வருமானத்தில் நூற்றுக்கு 4 ரூபாய் 85 காசு.

இரண்டாவது குடும்பம் சென்னையில். கணவன், மனைவி இருவருக்கும் நல்ல வேலை. ஆளுக்கு ஒன்றேகால் லட்சம், மாதம் 2,50,000. இதில் செலவு 1,00,000, மற்றது சேமிப்பும் வருமான வரியும். வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பீடு, காய்கறி, பால் என்று 45,000 ரூபாய்க்கு வரி இல்லை. 5 சதவீதப் பொருள்கள் 25,000. அதில் வரி 1,190. 18 சதவீதப் பொருள்கள் 25,000. அதில் வரி 3,814. பெட்ரோல் ஐம்பது லிட்டர். அதில் வரி 2,000. மொத்தம் 7,004 ரூபாய்.

சேரிக் குடும்பத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு வரி. ஆனால் வருமானம் பதினாறு மடங்குக்கு மேல். எனவே வருமானத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் 80 காசுதான் போகிறது. ஒரே கடை, ஒரே ரசீது, ஒரே வீதம்; சேரிக் குடும்பத்தின் நூறு ரூபாயிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து, சென்னைக் குடும்பத்தின் நூறு ரூபாயிலிருந்து மூன்றுக்கும் குறைவு. வரி விழுவது வருமானத்தின் மேல் அல்ல, செலவின் மேல். கூலிக் குடும்பம் வருகிற ஒவ்வொரு ரூபாயையும் செலவழித்தாக வேண்டும். மற்றக் குடும்பம் செலவழிக்காத பணத்தைக் கடை வரி தொடுவதே இல்லை.

இங்கே பொருளாதாரம் படித்தவர்கள் கை தூக்குவார்கள், தூக்கவும் வேண்டும். “செலவை வைத்துக் கணக்குப் போடுங்கள்” என்பார்கள். போட்டுப் பார்ப்போம். சேரிக் குடும்பம் 15,000 செலவில் 727, நூற்றுக்கு 4.85. சென்னைக் குடும்பம் 1,00,000 செலவில் 7,004, நூற்றுக்கு 7. கணக்கு தலைகீழாகிவிட்டது. வகுக்கும் எண்ணை மாற்றினால் தேய்வீத வரி வளர்வீத வரியாகிவிடுகிறது. இரண்டு கணக்கிலும் தவறில்லை. நாளிதழில் ஒருவர் “ஜி.எஸ்.டி. ஏழைகளுக்கு ஆதரவானது” என்றும் இன்னொருவர் “ஏழைகளைக் கொல்கிறது” என்றும் எழுதினால், முதலில் தேட வேண்டியது எதால் வகுத்தார் என்பதைத்தான்.

செலவால் வகுப்பவர்களின் வாதம், இன்று சேமித்த பணம் என்றைக்காவது செலவாகும், அன்று வரி விழும் என்பது. சிலருக்கு அது உண்மை. ஆனால் நம் ஊரில் சேமிப்பு என்னவாகிறது? மனையாகிறது, நகையாகிறது, பிள்ளைக்கு அடுக்குமாடி வீடாகிறது. அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது அதன்மேல் வரி இல்லை. 1953-இல் வந்த எஸ்டேட் வரியை 1985-இல் எடுத்துவிட்டார்கள். சொத்து வரி என்று இருந்ததையும் 2015 பட்ஜெட்டில் கைவிட்டார்கள். (ஊராட்சி, நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரியைச் சொல்லவில்லை, மொத்தச் செல்வத்தின்மேல் இருந்த வரியைச் சொல்கிறேன்.) தாத்தா சேமித்தது பேரனுக்கு வரும்போது வரி எதிலும் மாட்டாமல் வந்துவிடும். அந்தத் தாத்தாவுக்கு நிலம் இருந்ததா என்பது நம் நாட்டில் சாதியைப் பொறுத்த கேள்வி. எனவேதான் நான் வருமானத்தால் வகுக்கிறேன்.

அடுத்து, ‘வரி இல்லை’ என்று நான் எழுதிய 4,500 ரூபாயைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் ‘வரிவிலக்கு’ என்றால் கடைசி விற்பனையில் வரி இல்லை என்று மட்டுமே பொருள். உழவர் டிராக்டருக்கு ஊற்றிய டீசலில் வரி இருந்தது. ஆலைக்காரர் வாங்கிய சாக்கிலும் உதிரிப் பாகத்திலும் வரி இருந்தது. வரி உள்ள பொருளை விற்பவர், தான் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். விலக்குப் பெற்ற பொருளை விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. டீசல் வரியோ ஜி.எஸ்.டி.யே அல்ல, அதைக் கழிக்க யாருக்கும் வழியில்லை. ஆகவே அவர் அதை விலையில் ஏற்றிவிடுகிறார். ரசீதில் பூஜ்யம்; விலைக்குள் வரி. அதனால் 727 என்பது அடிமட்டக் கணக்கு, உண்மை அதற்கு மேலே.

அரிசியிலேயே பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம். அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை வந்தது! ஒரு கிலோ கூட்டினால் வரி போய்விடும். யார் 26 கிலோவை ஒரேயடியாக வாங்குவார்கள்? கையில் ஆயிரக்கணக்கில் ரொக்கம் உள்ளவர்கள். ஐந்து கிலோ பாக்கெட் வாங்குகிறவர் வரி கட்டுகிறார். சில்லறையாக நிறுத்து வாங்கினால் வரி இல்லை என்று சட்டம் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் கடைக்காரர் பிரித்தது 25 கிலோ முத்திரை மூட்டையாக இருந்தால், அவர் கொடுத்த 5 சதவீதம் அந்தச் சில்லறை விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

பெட்ரோல் வரி இன்னொரு வகை. மத்திய கலால் வரி, விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று போடப்படுகிறது. உப்பு வரியின் குணம் இதில் இருக்கிறது. 2020-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, மார்ச்சிலும் மே மாதத்திலும் சேர்த்து பெட்ரோலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கலால் வரியை உயர்த்தினார்கள். விலை இறங்கிய பலன் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள் என்றாலும், நம் சேரிக் குடும்பத்தின் 727 ரூபாயில் பாதிக்கு மேல் இன்றும் அந்தப் பத்து லிட்டரிலிருந்துதான் போகிறது. பஸ் சரியாக வராத ஊரில் மொபெட் ஆடம்பரம் அல்ல.

நான் வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு செலவு இருக்கிறது. சாராயம். விட்டுவைத்ததற்குக் காரணம், சேரி என்றாலே குடி என்று பேசுகிற வாய்க்கு அவல் கொடுக்கக் கூடாது என்பது. குடிக்காத வீடுகள் ஏராளம். ஆனால் மறைத்தும் பயனில்லை. டாஸ்மாக் மூலம் மாநில அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. மேற்சொன்ன வீட்டில் ஒருவர் மாதம் 3,000 ரூபாய்க்குக் குடித்தால், அதில் பாதி வரி என்று வைத்துக்கொண்டாலும் 1,500 ரூபாய். 727-உடன் சேர்த்தால் 2,227. வருமானத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்! மாதம் இரண்டரை லட்சம் வரும் வீட்டில் அதே 3,000 செலவானால் அந்த 1,500 ரூபாய் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குடியைக் குறைக்கத்தான் இந்த வரி என்கிறார்கள். கடை எண்ணிக்கையையும் விற்பனை நேரத்தையும் கையில் வைத்திருப்பதும் அரசுதான், வரி வாங்குவதும் அரசுதான். அந்த 3,000 பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று நம் பெண்களைக் கேளுங்கள். குழுக்கடன் தவணைக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து வருகிறது. வரியைத் தாங்குவது குடித்தவர்கூட அல்ல.

இனி நமக்குச் சங்கடமான பக்கம். சென்னைக் குடும்பத்தின் வருமான வரியை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில், நிலைக்கழிவு 75,000 போக, ஆளுக்கு 97,500 ரூபாய் வரி. இருவருக்கும் 1,95,000, மாதத்துக்கு 16,250. வருமானத்தில் ஆறரை சதவீதம். கடை வரியோடு சேர்த்தால் 9.3 சதவீதம். ஆக, குடி இல்லாத வீட்டுக் கணக்கில், மொத்தமாகப் பார்த்தால் மாதச் சம்பளக்காரர் சேரிக் குடும்பத்தைவிட அதிகப் பங்கு கட்டுகிறார். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வரிசையில் என் பின்னால் நின்ற மாணவரின் அப்பாவும் ஒருவேளை ஒழுங்காக வரி கட்டிய ஊழியராக இருந்திருக்கலாம். அவர் கட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் கட்டினார் என்றுதான் சொல்கிறேன்.

வருமான வரி வளர்வீதமாக ஏறுவது சம்பளத்தில்தான். சம்பளத்தைத் தாண்டி மேலே போனால் ஏணி சாய்ந்துவிடுகிறது. பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு 12.5 சதவீதம்தான், சம்பளத்தின் மேல்தட்டுக்கு 30. விற்காமலே வைத்திருந்தால் ஒன்றுமில்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே இல்லை; ஐம்பது ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கும் இல்லை. சிறு உழவரைக் காக்கும் சலுகை என்று அதைச் சொல்கிறார்கள். சிறு உழவரின் வருமானம் எப்படியும் வரி எல்லைக்குக் கீழேதான் இருக்கும். நிலமே இல்லாதவருக்கு இந்தச் சலுகையால் ஒரு காசும் இல்லை. பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய தலைமுறையிடம் இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிகளுக்கோ 2019 செப்டம்பரில் அடிப்படை வீதத்தை 30-இலிருந்து 22-க்கு இறக்கினார்கள். ஒரு பக்கம் நேர்முக வரி இறங்கினால், அரசு நடக்க இன்னொரு பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது செலவை வெட்ட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அது முதலில் நம் தெருவில் தெரியும்.

மேடையில் பேசும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023-இல் வந்த ஆக்ஸ்பாம் இந்தியா அறிக்கையை வைத்து, “ஜி.எஸ்.டி.யில் 64 சதவீதத்தைக் கீழ்ப்பாதி மக்கள் கட்டுகிறார்கள்” என்று பலர் பேசுகிறோம். நானும் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. கீழ்ப்பாதி மக்களின் மொத்தச் செலவு நாட்டின் செலவில் பாதியைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும், அதனால்தானே அது கீழ்ப்பாதி. அவர்கள் வாங்குவதில் கணிசமான பகுதி வரிவிலக்குள்ள உணவு. அப்படியிருக்க, வரியில் மட்டும் 64 சதவீதம் எப்படி வரும்? நம் வாதத்துக்கு இந்த எண் தேவையே இல்லை. மொத்த வரியில் நம் பங்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. நம் வருமானத்தில் வரியின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியில்தான் அநியாயம் இருக்கிறது. முதலாவதில் பொய்யான எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டால் இரண்டாவதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மாதச் செலவை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: வரி இல்லாதது, 5, 18, கடைசியில் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கும் பெட்ரோலும் மதுவும். விலைக்குள் இருக்கும் வரியை எடுக்க, 5 சதவீதப் பொருளின் விலையை 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள். 18 சதவீதமானால் 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்கள். நூறில் ஐந்து என்று நேராகப் போட்டால் கணக்கு கூடிவிடும், ஏனென்றால் கடையில் கொடுத்த விலையிலேயே வரி சேர்ந்திருக்கிறது. அரிசி வாங்கும்போது பாக்கெட்டா, மூட்டையிலிருந்து நிறுத்ததா, அந்த மூட்டை எத்தனை கிலோ என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருமானத்தையும் அந்த மாதத்து உண்மையான கூலியாகவே எழுதுங்கள், வேலை இல்லாத நாட்களையும் சேர்த்து. மழை மாதத்தில் கூலி பாதியாகும், சோப்பும் எண்ணெயும் ரீசார்ஜும் பாதியாகாது. அந்த மாதத்தில் வரியின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 1927-இல் அண்ணல் கேட்ட பொய்த்த ஆண்டு அந்த மாதத்துப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியும். ஐம்பது வீட்டு நோட்டு சேர்ந்தால், அடுத்த ஆண்டு இதே நாளில் என் கற்பனைக் குடும்பத்தை எடுத்துவிட்டு அவற்றை வைத்துப் பேசலாம்.